பத்தாவது குஞ்சு

"ஏன் ராஜு, மருமவ ஆஸ்பத்திரியில கெடக்கா. உங்கம்மா ஒரு எட்டு வந்து பாக்கலியாமே?"

டீக்கடையில நுழையும்போதே பெஞ்சுல இருந்த பஞ்சநாதன் கேட்டார். பிலோமின்ராஜ் அவரைத் தாண்டி நடந்தான். மூணு நாளா காலைப் பூசைக்குப் போற அம்மா மரியமுத்து, மத்தியானம்தான் வீடு திரும்புது. எங்க நின்னு ஊர்க்கதை பேசிட்டு வருதோ.

நேரா கல்லாவுக்குப் போனான். "குஞ்ஞிராமண்ணே, அவசரம். நாலு மணிக்கு ஆஸ்பத்திரி ஆயா குஞ்சம்மா வார்டுக்குள்ள போயிடும். மலையாளத்துல ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

குஞ்ஞிராமனுக்குத் தலச்சேரி. காரைக்கால்ல கடை போட்டு இருபது வருஷம். ராஜுவோட பொண்டாட்டி திரேஸ்யா, தலச்சேரிக்குப் பக்கத்து மாகே. அங்க வேலைக்கு மாத்தினப்போ பாத்துக் கட்டிக்கிட்டான். வந்த அன்னைக்கே மரியமுத்து சட்டம் போட்டுடுச்சு: "இந்த வீட்டுல தமிழ்தான். எனக்குப் புரியாம என் மூக்குக்குக் கீழ எவளும் பேசக்கூடாது."

இப்ப திரேஸ்யாவுக்கு வயித்துல ஏழு மாசம். அம்மை போட்டிருச்சு. தனி வார்டு. அம்மை வராதவங்க உள்ள போகக்கூடாதுன்னு ராஜுவை வாசல்லயே நிறுத்திட்டாங்க. திரேஸ்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. காய்ச்சல்ல தமிழ்ப் பேச்சும் போயி, வயித்துப் புள்ளைய நெனச்சு குட்டி குட்டின்னு மலையாளத்துலயே அழுவுறாளாம். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்ல.

"சொல்லு, எழுதுறேன்" என்றார் குஞ்ஞிராமன்.

"நீ இல்லாட்டி நான் செத்துடுவேன். மாதா கோயில்ல முட்டி போட்டுக் கதறிட்டிருக்கேன்..."

குஞ்ஞிராமன் பேனாவை மூடினார்.

"இதைப் படிச்சா எனக்கே காய்ச்சல் வரும். ஏற்கெனவே பயந்து கெடக்கா. நீ வேற சாவுங்கறே."

"பின்ன என்ன எழுதறது?"

"மொதல்ல, கஞ்ஞி குடிச்சோ. வீட்டுல இருந்தா அவ அம்மா அதைத்தான் கேக்கும். டாக்டர் என்ன சொன்னாரு?"

"புள்ள துடிப்பு நல்லா இருக்குன்னாரு. ரெண்டு நாள்ல காய்ச்சல் விடும்னாரு."

"அவர் சொன்னது மட்டும். கூடக் குறைய எழுதினா, பொய்னு கண்டுபிடிச்சுடுவா." எழுதிக்கிட்டே படிச்சார். "டாக்டர் பறஞ்ஞு, குட்டிக்கு ஒரு குழப்பவும் இல்லா. பேடிக்கண்டா."

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதே, அதானே?"

"அதான். ஒரு தடவைதான். நாலு தடவை சொன்னா பயம் வந்துடும். வீட்டு சேதி ஏதாவது சொல்லு, சின்னதா."

ராஜு யோசிச்சான். "அவ அடை வச்ச கோழி நேத்து பொரிச்சிடுச்சு. ஒம்பது குஞ்சு."

"அசல், நல்ல சேதி. கடைசியா, பதுக்கெ வன்னா மதி. மெதுவா வந்தாப் போதும். சீக்கிரம் வா, வீடு நாறிக் கெடக்குன்னு அவசரப்படுத்தக் கூடாது. உன்னை எப்படிக் கூப்பிடுவா?"

ராஜு சுத்திப் பாத்துட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அம்மா இல்லாதப்போ... ராஜேட்டான்னு."

"அதையே கீழ போடு. இந்தக் கடுதாசி நல்லா வேலை செய்யும். பரீட்சை பண்ணியாச்சு."

யார்கிட்டன்னு கேக்க நேரமில்ல. சைக்கிளை எடுத்து மிதிச்சான். ஆஸ்பத்திரி வாசல்ல குஞ்சம்மா கையில தாளைத் திணிக்கும்போது மணி நாலடிக்க ரெண்டு நிமிஷம்.

"உள்ள போற தாள் திரும்ப வெளிய வராது. பதில் வாயாலதான்" என்றபடி ஆயா உள்ள போச்சு.

கால்மணி நேரம். ராஜு கம்பியைப் புடிச்சபடியே நின்னான். ஆயா சிரிச்சுக்கிட்டு வந்துச்சு.

"படிச்சுச்சு. ரெண்டு தடவை. கீழ இருந்த பேரைப் பாத்து சிரிச்சுச்சு."

"கஞ்சி குடிச்சாளா?"

"அது காலையிலயே ஒரு கிண்ணம் குடிச்சாச்சே. அப்புறம், குஞ்சு ஒம்பது இல்லையாம், பத்தாம். உங்கிட்ட சொல்லச் சொல்லுச்சு."

"பத்தா? அவளுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில எண்ணிட்டு வந்தவங்க சொன்னாங்க. அவங்களுக்கு சின்ன வயசுலயே அம்மை வந்துடுச்சாம், நர்சம்மா உள்ள விட்டுட்டாங்க. கட்டில் பக்கத்துல நின்னு, கஞ்ஞி குடிச்சோ, பேடிக்கண்டான்னு பள்ளிக்கூடப் புள்ள மாதிரி ஒப்பிச்சாங்க பாரு, வார்டே சிரிச்சுச்சு. மூணு நாளா டீக்கடை பின்வாசல்ல நின்னு மனப்பாடம் பண்ணினாங்களாம்."

"எங்கம்மாவா?" ராஜு கம்பியை விட்டுட்டான்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சட்டம் போட்டவளே மீறிட்டா, வீட்டுல ஒரு பய மதிக்க மாட்டானாம்."