மி காசா எஸ் சு காசா

கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்த ராஜகுமார் வாசலில் ஒரு பலகையை மாட்டினான். 'மி காசா எஸ் சு காசா.'

"ஸ்பானிஷாக்கும். என் வீடு உங்க வீடுன்னு அர்த்தம்" என்றான், மனைவி சபிதாவிடம்.

மறுநாளே அவனோடு கப்பலில் வேலை பார்த்த பிரீனா விருந்தாளியாக வந்தாள். பத்தே நாளில் பீரோவில் தன் துணிகளை அடுக்கினாள். சபிதாவின் மீன்சட்டியைப் பரணில் ஏற்றினாள்.

"பலகையப் பாத்து நெசம்னு நெனச்சிட்டாளோ?"

"ஏட்டி, வந்த ஆளுகிட்ட மொகத்தக் காட்டாத" என்றான் ராஜகுமார்.

வடசேரியில் ஸ்பானிஷ் மாலை வகுப்பு நடத்தும் நேசையன் சாரிடம் போய்க் கேட்டாள் சபிதா.

அவர் சிரித்தார். "அது உபசார வார்த்தை மக்கா. விவரமுள்ள விருந்தாளி தண்ணி குடிக்கக்கூட கேட்டுட்டுதான் குடிக்கும். கூப்பிடாம உள்ரூமுக்குப் போவாது. நாலாம் நாள் பெட்டியக் கட்டும்."

"இவ போகல்லியே சார்."

சார் யோசித்தார். "இன்னொண்ணு இருக்கு. 'சு'ன்னா 'உங்க' மட்டுமில்ல. 'அவளோட'ன்னும் வரும். சொன்னவன் யார மனசுல வச்சுச் சொன்னான்ங்கறதப் பொறுத்தது."

சபிதா பஸ் பிடித்து வீடு திரும்பியபோது, கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினாள்.

பிரீனா திறந்தாள். அவளுக்குப் பின்னால், ஹாலில், சபிதாவின் துணிகளை அடைத்த பெட்டி. பக்கத்தில் செல்போனைப் பார்த்தபடி ராஜகுமார். அவன் தலை நிமிரவில்லை.

"வாங்கக்கா" என்றாள் பிரீனா, அன்பாக. "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க."

சபிதா செருப்பை வெளியே கழற்றினாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடலாமா?" என்று கேட்டாள்.