மூன்று வரி

செவந்தி, பாவேந்தன். கல்யாணப் பரிசாக அந்தப் பெயர்களில் குயிலியும் தோழிகளும் கவிதை கட்டினார்கள். சொல்லுக்கு முதலில் வராத புள்ளி எழுத்துகளைத் தள்ளிவிட்டு, எழுத்துக்கு ஒரு வரி, அந்த எழுத்திலேயே தொடங்கும். அவள் வரிக்கு அடுத்து அவன் வரி. குயிலி அதைத் துணியில் தைத்தாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் செவந்தியின் அப்பா மாப்பிள்ளையையே மாற்றிவிட்டார்.

“அவன் வரிய மட்டும் பிரிச்சிடுடி,” என்றாள் செவந்தி. குயிலி நூலை உருவினாள். ஊசித் துளைகள் போகவில்லை. எஞ்சியவை அவள் வரிகள்:

செல்லும் இடமெல்லாம்
வருவாய் என்று
திரும்பிப் பார்க்கிறேன்.

மேடையில் புது மாப்பிள்ளை அதை வாய்விட்டுப் படித்தான். அவன் கட்டைவிரல் அந்தத் துளைகளின்மேல் இருந்தது. வெட்கத்தோடு செவந்தி பக்கம் குனிந்தான்.

“அதான் வந்துட்டேனே.”