கம்ப்ரசரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை

பட்டமளிப்பு மேடையில் மைக்கைப் பிடித்திருந்த எபனேசரின் விரல்கள் தீயில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏசி, பிரிட்ஜ் பிரிவின் பழைய மாணவர் அவர்.

"நாங்க படிச்சப்ப இருந்த கேஸ் தீப்பிடிக்காது. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் குழாய் இணைப்பை டார்ச் நெருப்பு காட்டித்தான் பிரிப்போம். இப்ப வர்ற கேஸ் பத்திக்கும்னு கம்ப்ரசர்லயே ஒட்டியிருந்துச்சு. கோர்ஸ்தான் முடிஞ்சிருச்சேன்னு நான் அதைப் படிக்கல, பழையபடி நெருப்பு காட்டிட்டேன். கேஸைத் திறந்தவெளியில விட்டுட்டு, கட்டர் வச்சு குழாயை வெட்டியிருக்கணும். படிக்கிறதை விட்டுராதீங்கப்பா, கெஞ்சிக் கேக்குறேன்."

மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி சகாயமேரி அவசரமாக அண்ணனைப் போனில் அழைத்தாள். அவன் எபனேசரோடு படித்த மெக்கானிக்.

"அண்ணே, இப்ப என்ன பிரிட்ஜ் பாக்குற?"

"புது மாடல். டார்ச்சைப் பத்தவச்சுட்டேன், அப்புறம் பேசு."

மறுபடி அழைத்தாள். அரங்கம் கைதட்டிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.