திருக்கடையூரில் ஒரு முடிச்சு

சல்லடை வழியாகத் தண்ணீர் விழுந்தது.

கலசத்தை ஏந்தி முதலில் மகன் ஊற்றினான். பிறகு மருமகள். பிறகு மகள் சுகந்தியும் அவள் கணவனும். ஹோமத்தின் முன்னால் வைத்து ஜெபித்த தண்ணீர், ஏலக்காய் மணத்தது. தலை, தோள், மடி எல்லாம் நனைந்தது. குளிர்கிறதா என்று பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா யோசித்துப் பார்த்தாள்.

தெரியவில்லை.

பக்கத்துப் பலகையில் கணவரும் நனைந்துகொண்டிருந்தார். அவர் பிறந்த வருடத்தின் பெயர் அறுபது வருடம் சுற்றிவிட்டுத் திரும்ப வந்திருக்கிறது. அதே மாதம், அதே நட்சத்திரம். வருடம் திரும்பினால் கல்யாணமும் திரும்ப நடக்க வேண்டும். அதுதான் முறை.

அவரும் திரும்பி வந்தவர்தான். பதினோரு வருடம் திருச்சியில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தினார். வாதத்தில் வலது கை விழுந்ததும் மகன் போய்க் காரில் கூட்டிவந்தான். இவளை யாரும் கேட்கவில்லை. முதல் கல்யாணத்தில் மட்டும் கேட்டார்களா என்ன?

"அப்பாவுக்கு ஆயுசு கூடும்மா" என்றாள் சுகந்தி.

கூடட்டும். அதற்குத் தன் கழுத்து எதற்கு என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. குனியவே கூடாது என்று வேனில் வரும்போதுகூட நினைத்திருந்தாள்.

ஈரம் மாற்றி, கூறைப்புடவை கட்டி, மாலையோடு மணையில் உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் தூணுக்கு ஒரு ஜோடி. நரைத்த மணப்பெண்கள் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். அவளுக்கு வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏதாவது ஒன்று வந்தால் தேவலை என்றிருந்தது.

"கொஞ்சம் குனிஞ்சுக்கோங்கம்மா" என்றார் குருக்கள்.

குனிந்தாள்.

மேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. பழைய தாலிக்கு மேலே புதுக்கயிறு கழுத்தைச் சுற்றியது. பின்கழுத்தில் அவர் விரல்கள் தடவித் தடவி நின்றன. இடது கை பிடித்துக்கொண்டது. வலது கை மடங்கவே இல்லை.

மேளக்காரர் இன்னொரு சுற்று கொட்டினார்.

முடிச்சுப் போட நாத்தனார் எழுந்து வந்தாள். அந்தப் பதினோரு வருடமும் இவள் வீட்டு வாசலை மிதிக்காதவள்.

"வேணாம். நானே போட்டுக்கிறேன்."

கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் கயிறு மாற்றி, ஒருத்தரையும் கூப்பிடாமல் தானே முடிந்துகொண்ட கைகள். கயிற்றின் நடுவே அவர் விரல் ஒன்று அகப்பட்டிருந்தது. எடுத்து அப்பால் விட்டாள். மூன்று முடிச்சும் விழுந்தன.

கூட்டம் கைதட்டியது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஆசீர்வாதம். அறுபதாம் கல்யாணத் தம்பதியின் வாயால் வாழ்த்து வாங்கினால் அப்படியே பலிக்கும் என்பார்கள். சுகந்தியும் அவள் கணவனும் முதலில் வந்து காலில் விழுந்தார்கள்.

"தீர்க்க சுமங்கலியா இருன்னு சொல்லுங்க" என்று குருக்கள் எடுத்துக் கொடுத்தார்.

அவள் அட்சதையை மகள் தலையில் போட்டாள்.

"நல்லாயிரு."

சுகந்தி எழுந்திருக்கவில்லை. மீதிக்காகக் காத்திருந்தாள்.