எஸ் எல்லாம் சரிதான்

சாப்பாட்டு மேசையில் பேரனின் பழைய ஆங்கிலப் பயிற்சித்தாள் பாட்டியின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. காய்ந்த ஜாம், அதன்மேல் மூக்குச்சளி, அதன்மேல் ரப்பர் துருவல். அவள் முகத்தைச் சுளித்தபடி, பள்ளிக்குப் போயிருக்கும் பேரனின் பென்சில் விடைகளை அழித்துவிட்டுத் தானே எழுதுகிறாள். டீச்சர் சிவப்பு மையில் போட்ட டிக் மட்டும் அழியாமல் இவள் விடைக்காகக் காத்திருக்கிறது. ஆணுக்கு ஹீ, பெண்ணுக்கு ஷீ, நாற்காலிக்கும் நாய்க்கும் இட். மூன்றில் எது வந்தாலும் வினைச்சொல்லின் வாலில் ஒரு எஸ். சோபாவில் அவள் மகன் ஒரு கையில் போனைப் பிடித்து, மறு கையால் கால்விரல் இடுக்கை நோண்டி, அந்த விரலை மோந்து பார்க்கிறான். அம்மாவுக்குப் புரியக்கூடாத பேச்சென்றால் அவனுக்கு ஆங்கிலம் தானாக வந்துவிடும். "டூர் எல்லாம் நோ சான்ஸ் மச்சான்," என்று அவள் பக்கம் கட்டைவிரலைக் காட்டுகிறான், போனில் இருப்பவருக்குத் தெரியும் என்பதுபோல. "இட் ஈட்ஸ், இட் ஸ்லீப்ஸ். தட்ஸ் ஆல்." பாட்டியின் பென்சில் நிற்கிறது. எஸ் எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான். "ஷீ," என்கிறாள். "என்னம்மா?" "பெத்தவளுக்கு ஷீ வரும்டா. இட்டு நாய்க்கு." அவன் போனை நெஞ்சில் பொத்திக்கொள்கிறான். "ஐயோ, நான் நாயைத்தான்மா சொன்னேன்." அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.