தலை எண்ணிக்கை

"பொழுது சாஞ்சா விட்டுருவாங்கன்னு கனவு காணாதீங்க. இந்த வாட்டி நேரா மாஜிஸ்ட்ரேட்டு, அங்கேருந்து ஜெயிலு."

இன்ஸ்பெக்டர் ராஜாமணிக்கு மைக்கே தேவையில்லை. கல்யாண மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் அந்தக் குரல் கேட்டது.

கடலூரில் போராட்டத்துக்கு என்று ஒரு வாடிக்கை உண்டு. காலையில் கைது, கல்யாண மண்டபத்தில் அடைப்பு, மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம், இருட்டுவதற்குள் 'வீட்டுக்குப் போங்கம்மா'. பாதிப் பேர் அந்தத் தைரியத்தில்தான் வருவதே. மனிதர் இன்றைக்கு அந்த வாடிக்கைக்கே வேட்டு வைத்துவிட்டார்.

சற்று முன் பொட்டலம் வந்தபோது எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தது புஷ்பவள்ளிதான். கொடுத்து முடித்துவிட்டு, சந்திரலேகாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சந்திரலேகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். மற்ற பெண்களும் வாய் திறக்கவில்லை. அவரவர் பயம் அவரவருக்கு.

ஊரில் தையல் கடை வைத்திருக்கும் சந்திரலேகாதான் இதற்கெல்லாம் முன்னால் நிற்பவள். சாயக் கம்பெனிக் கழிவு இறங்கி ஊர் போர்வெல் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. கேட்கப் போனால், கம்பெனி வேலியோரம் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை உத்தரவு. இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய உத்தரவு, முடிய முடியப் புதிதாகப் பிறந்துகொண்டே இருந்தது. திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள், அது வாய்தாவில் கிடந்தது. எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த பிறகுதான் உத்தரவை மீறுவது என்று முடிவானது. அதையும் இன்ன நாள், இன்ன நேரம் என்று போலீசுக்கே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டாள் சந்திரலேகா.

"சட்டத்துக்கெல்லாம் நாம எதிரி இல்ல. அநியாயமான இந்த ஒரு உத்தரவ மட்டும்தான் மீறப் போறோம்" என்று நேற்று அவள் சொன்னாள். "கல்லு எடுக்கக் கூடாது. அடிச்சா திருப்பி அடிக்கக் கூடாது. புடிக்க வந்தா ஓடக் கூடாது. திருடன்தான் ஓடுவான். செஞ்சத நாமளே சொல்லி, குடுக்குற தண்டனைய வாங்கிக்கணும். அப்பதான் தப்பு நம்ம மேலயா, உத்தரவு மேலயான்னு நாலு பேரு யோசிப்பாங்க."

நேற்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது. இன்று காலையில் மஞ்சள் தண்ணீர் பாட்டில்களை முன்னால் வைத்துக்கொண்டு, ஆம்புலன்சுக்கும் கம்பெனி பஸ்சுக்கும் வழி விட்டு, கேட் எதிரே உட்கார்ந்தபோதுகூடத் தைரியம் இருந்தது. போலீஸ் விசில் ஊதியதும்தான் புஷ்பவள்ளிக்கு எல்லாம் ஆவியாகிப் போனது.

"சின்ன கேஸுதான்" என்றார் ராஜாமணி. குரல் இப்போது இளகியிருந்தது. "தெரியாம வந்துட்டேன், இனிமே வரமாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. கேஸே இல்ல. போடலன்னா ஜெயிலு, அவ்வளவுதான்."

பேப்பரும் பேனாவும் கை மாறி வந்தன. மகளுக்குப் பிரசவ நேரம் என்று மாரியம்மாள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

பேனா புஷ்பவள்ளியிடம் வந்தது. புருஷன் சிங்காரத்துக்கு அதே கம்பெனியில்தான் காண்ட்ராக்ட் வேலை. "உன் பேரு ஸ்டேஷன்ல ஏறிச்சுன்னா என் கேட் பாஸ புடுங்கிடுவானுங்க" என்று விடியற்காலையிலேயே சொல்லியிருந்தான். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து நடந்தால் வீடு. ஜெயிலில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா, இருக்காதா என்றெல்லாம் மனசு எங்கெங்கோ போனது. பேனாவை அடுத்தவளிடம் தள்ளிவிட்டாள். உள்ளங்கை வியர்வையில் அது வழுக்கி விழுந்தது.

அதன் பிறகு யாரும் கையெழுத்துப் போடவில்லை. வேன் வந்து நின்றது. ஏட்டு ஸ்ரீமதி தலைகளை எண்ணத் தொடங்கினாள். அவள் கிட்டே வர வர, புஷ்பவள்ளியின் தலை முழங்காலுக்குள் புதைந்தது.

ஸ்ரீமதி எண்ணி முடித்தாள். முகம் சுருங்கியது. முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

"சார், காலையில புடிச்சது இருபது பேரு. மாரியம்மா போயிட்டாங்க. இப்பவும் இருபதுதான் வருது. ஒண்ணு ஜாஸ்தி சார்."

"ஜாஸ்தியா? ஓடுனவங்க உண்டு. மண்டபத்துல ஆளு கூடி நான் பாத்ததில்லையே. யாரும்மா அது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரலேகா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் புஷ்பவள்ளி.

"நான்தான் சார். நீங்க விசில் ஊதுனதும் பயந்துபோயி சிதம்பரம் பஸ்ஸுல ஏறி ஓடிட்டேன். மனசு கேக்கல, பாதி வழியில எறங்கி, சோத்துப் பொட்டலம் வந்த ஆட்டோவுலயே ஏறி வந்துட்டேன். அந்த கேட்டுகிட்ட நானும்தான் சார் உக்காந்திருந்தேன். என் பேரையும் எழுதிக்குங்க."