‘அப்பாடா’வுக்குக் காரணம்

“வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது. மீன் ஒண்ணு சோபாவில உட்கார்ந்து பேப்பர் படிக்குது. ஒருத்தன் பொண்டாட்டியை உள்ளே வச்சு வெளியே பூட்டிட்டு ‘அப்பாடா’ங்கறான். இந்தக் கனவைக் கதையாக்க முடியுமா?”

மனைவி கேட்டதும் எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகைக்குக் கதை கிடைக்காமல் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

“மீனைத் தூக்கிடு. ‘அப்பாடா’வை மட்டும் விட்டுடாதே, அதுதான் உயிர். பயப்பட வேண்டிய இடத்துல அவனுக்கு ஏன் நிம்மதி? அதுக்குக் காரணம் சொல்லிட்டா கதை தானா நடக்கும்.”

“என்ன காரணம்?”

“அவனுக்கு இன்னொருத்தி இருக்கா. அதனால இந்த வீடு மூச்சு முட்டுது.”

“தண்ணி?”

“கனவுல தண்ணி சும்மா வரும். கதையில யாராவது குழாயைத் திறந்திருக்கணும். அவன் குளிக்கப் போறான், அவ போன் பண்றா, அவசரத்துல குழாயை மூட மறந்துடறான். பொண்டாட்டி தூங்கறா, பழக்கத்துல பூட்டிட்டுப் போயிடறான்.”

“அந்த இன்னொருத்தி எப்படி இருப்பா?”

“மாடி வீடு. தையல் மிஷின். இவன் செருப்புச் சத்தம் கேட்டதும் மிஷினை நிறுத்திடுவா.”

“நேர்ல பார்த்த மாதிரியே சொல்றீங்க.”

“அதுதாம்மா எழுத்து.” அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. “உனக்கு வந்த கனவு, உன் பேரையும் போட்டுடலாம்.”

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

“கனவு என்னுதில்லைங்க. நேத்து தூக்கத்துல நீங்க உளறினது. ‘அப்பாடா’ன்னு சிரிக்கக்கூடச் செஞ்சீங்க. காரணம்தான் எனக்குப் புரியாம இருந்துச்சு.”